சஹனில் ஓர் இடம்

நிஸ்மியாவுக்கு அளவு நாடா அதிகம் தேவைப்பட்டதில்லை. மாம்புரியில் யாருக்கு அபாயா தைக்க வேண்டுமென்றாலும் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியில் கத்திரியை வைத்துவிடுவாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. என் உடம்பு கூடினதையும் குறைந்ததையும் கண்ணாடிக்கு முந்தி அவள்தான் எனக்குச் சொல்லுவாள். "றுக்கியா, மாப்பிள்ளை நல்லாக் கவனிக்கிறார் போல" என்று ஊசியை வாயில் கடித்தபடி சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் கதவு நிலையில் மோதத் தொடங்கினாள். தலையிடி என்றாள். நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரியவில்லை என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நாங்கள் கண் டொக்டரிடம் அனுப்ப, அவர் தலையைப் படம் பிடிக்கச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லையாம், ஆனால் இருந்த இடம் பொல்லாத இடம். ஒபரேஷன் செய்து எடுத்தார்கள். பார்வை பெரும்பாலும் திரும்பிற்று. ஊரே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் நோயாளி சாப்பிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தம். அவளுடைய உம்மா றஹ்மத் உம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தார், வட்டிலப்பம் அவித்தார். "என்ட புள்ள வாய் திறந்து கேட்டுச் சாப்பிடுது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். நானும் ஒரு சட்டி நிறைய இறால் சோறு கொண்டுபோனேன். அவள் அதை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, பசிதான் இருந்தது.

பிறகு உடம்பு ஊதத் தொடங்கிற்று. தனக்குத் தைத்த உடுப்புகளின் தையலைப் பிரித்துப் பிரித்து அகலமாக்கினாள். அடுத்த மாதம் அதுவும் காணாது. பாண் மறைந்தது, சீனி மறைந்தது, அடுப்பில் அரைவாசி வெந்த சோறு குறைந்தது. வாய்கள் சும்மா இருக்குமா? ஒபரேஷனுக்குப் பிறகு காலையிலும் மாலையிலும் மருந்துக் குளிசை போட வேண்டியவள் என்பதால் டொக்டர்மார் அவளுக்கு நோன்பைத் தடுத்திருந்தார்கள். "நோன்புமில்ல, தீனிதான்" என்று பெண்கள் கதைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒருத்தியோடு இன்றுவரைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். உம்மா, குளிசைதான் காரணம், அதை நிறுத்து என்றார். புருஷன் றிஸ்மின் நல்ல மனிதன். அவனும் இது நஃப்ஸ், மனசின் ஆசை, அடக்கினால் சரி என்று நம்பிக் குசினியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீன்வாடிக்குப் போனான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சஹன். எங்கள் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க மற்றவர் எழும்புவது மரியாதையில்லை. எத்தாளையில் ஒரு கல்யாணத்தில் எல்லோரும் முடித்துவிட்டுக் காய்ந்த கையோடு காத்திருக்க, நிஸ்மியா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பரிமாறியவள் பொறுக்க முடியாமல் அவள் கை சோற்றில் இருக்கும்போதே தட்டை இழுத்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிஸ்மியா எந்தச் சஹனிலும் உட்காரவில்லை.

கிளினிக்குக்கு நானும் றிஸ்மினும் கூடப் போனோம். டொக்டர் டிலக்‌ஷன் சின்ன வயது, பொறுமையான ஆள். நிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வெட்கம் கெட்டுப் போச்சு டொக்டர்" என்றாள்.

"உங்களுக்கு வெட்கம் கெடயில்லை. மூளையில பசியைப் பார்க்கிற இடம்தான் கெட்டுப் போச்சு" என்றார் அவர். "கட்டி அதோட ஒட்டியிருந்தது. வயிறு நிறைஞ்சா அங்கதான் செய்தி போகும். உடம்பில கொழுப்பு சேர்ந்தா அந்தச் செய்தியும் இரத்தத்தில அங்கதான் போகும். இப்ப செய்தி போகுது, வாங்க ஆளில்லை. நீங்க பட்டினி கிடக்கிறீங்க எண்டு மூளை நினைக்குது. சாப்பிடு சாப்பிடு எண்டும் சொல்லும், உடம்பு செலவழிக்கிறதையும் குறைக்கும். அதனால மற்றவங்களை விடக் குறைவாச் சாப்பிட்டாலும் இவங்களுக்கு உடம்பு கூடும்."

"அப்ப இது நஃப்ஸ் இல்லையா?" என்று றிஸ்மின் கேட்டான்.

"மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

குளிசையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்காததைத்தான் அது கொடுக்கிறது என்றும் டொக்டர் சொன்னார். இந்தப் பசியை முழுதாக ஆற்றும் மருந்து தன் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. "சாப்பாட்டைப் பூட்டி வைக்கிறது உதவும். ஆனா தண்டனையாப் பூட்டாதீங்க, அவங்களோட கதைச்சுப் பூட்டுங்க. எப்ப சாப்பாடு, எவ்வளவு எண்டு அவங்களுக்கு முன்னுக்கே தெரிஞ்சிருக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் நிஸ்மியா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அழுதாள். குற்றம் தன்னுடையதில்லை என்றதும் வந்த அழுகை என்று நான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "அப்ப இனி எனக்கு வயிறு நிறையவே மாட்டாது, என்ன? சாப்பிட்டு முடிஞ்சு ஒரு ஏப்பம் விட்டுட்டுச் சாய்ஞ்சு இருக்கிறது... அது போயிட்டுது." சோற்றுக்கு ஏங்குகிறாள் என்று ஊர் சொன்னது. சோறு போதும் என்று தோன்றும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவள் ஏங்கினாள்.

இதற்கிடையில் நிஸ்மியாவின் தங்கச்சி ஷிஹாராவுக்குத் தில்லையடியில் மாப்பிள்ளை சரிவந்தது. கல்யாண உடுப்பை நிஸ்மியாதான் தைத்தாள். றஹ்மத் உம்மா மெதுவாக என்னிடம் வந்தார். "மாப்பிள்ளை வீட்டார் புது ஆக்கள். அவளுக்கு அறைக்குள்ள தனியாச் சோறு குடுத்திருவம் புள்ள. எத்தாளையில பட்டது போதும்." நான் வாயைத் திறக்க முன்னே, உடுப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்த ஷிஹாரா திரும்பினாள். "தாத்தா இல்லாத சஹன்ல நான் உட்கார மாட்டேன்."

எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நிஸ்மியா ஊசியைக் கீழே வைத்தாள். "எனக்கும் உன்னோட உட்கார ஆசைதான். அதை நினைச்சுத்தான் இதைத் தைக்கிறேன். ஆனா என்னால நிறுத்த ஏலாது ஷிஹா. சோறு இருக்கும்போதே யாராவது நிறுத்தணும். எத்தாளையில மாதிரித் தட்டை இழுத்தா நான் செத்துப் போவேன்."

"இழுக்க மாட்டோம்" என்றாள் ஷிஹாரா. "ஆள் இருக்க எழும்பக் கூடாது எண்டுதானே வழக்கம்? சோறு இருக்கும்போதே எல்லாரும் ஒண்டாக் கையெடுத்து எழும்புவம்."

கல்யாணத்தன்று மணப்பெண்ணின் சஹனில் ஷிஹாரா, நிஸ்மியா, நான், மாப்பிள்ளையின் சகோதரிகள் இருவர், கடைசியாக றஹ்மத் உம்மா. நெய்ச்சோறு மணத்தது. நிஸ்மியா தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சின்னச் சின்னப் பிடியாக எடுத்தாள். அவள் நெற்றியில் வியர்வை. முழுக் கோழி இன்னும் நடுவில் அப்படியே இருக்க, ஷிஹாரா கையை எடுத்தாள். "எனக்குப் போதும்." நான் எடுத்தேன். முன்பே காதில் போட்டு வைத்திருந்ததால் மாப்பிள்ளையின் சகோதரிகளும் சிரித்தபடி எடுத்தார்கள்.

நிஸ்மியாவின் கை சோற்றிலேயே இருந்தது. அவள் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கவில்லை. அந்தக் கை வரவில்லை. பக்கத்துச் சஹனில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அப்போது றஹ்மத் உம்மா, பந்தியில் ஓடித் திரிந்து கடைசியாக வந்து இரண்டு பிடிதான் சாப்பிட்டிருந்தவர், வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "எனக்கும் போதும்" என்றார்.

நிஸ்மியா உம்மாவைப் பார்த்தாள். பிடித்திருந்த சோற்றை விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க உம்மா. காலையில இருந்து ஒண்டும் தின்னயில்லை. பசியோட எழும்பினா எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

கை கழுவத் தண்ணீர் வந்தது. றஹ்மத் உம்மா மகளின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் நீட்டினார்.

"எனக்கும் தெரியட்டும்" என்றார்.