சுவரில் விழாத அண்ணன்

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவளை எல்லோரும் ஃபோகஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாய் பொல்லாதது. முன்னால் நின்று ரசீது போடும் நான் அவளிடம் வாங்காத திட்டு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பவருக்குச் சொல்ற டயாப்டர்னா சும்மா ஒரு நம்பர்தானேக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கையிலிருந்த லென்ஸைச் சுவருக்கு எதிரே பிடித்தாள். வாசல் வழியே தெரிந்த தெருக்கோடித் தண்ணீர்த்தொட்டி, கட்டைவிரல் அளவில், தலைகீழாகச் சுவரில் விழுந்தது.

"தூரத்துலேர்ந்து வர்ற வெளிச்சத்தை இது எவ்வளவு தள்ளிக் குவிக்குது? அரை மீட்டர். ஒண்ணை அரையால வகு. ரெண்டு. அதான் ரெண்டு டயாப்டர். கால் மீட்டர்லயே குவிச்சுட்டா நாலு. பவர் ஏறினா தூரம் குறையும். இதுக்கா இந்த முழி முழிக்கிறே?"

"மைனஸ்னா?"

"அது குவிக்காது, விரிக்கும். எப்படி நகர்த்தினாலும் சுவத்துல ஒண்ணும் விழாது. எங்க அண்ணனுக்கு மைனஸ் அஞ்சு. அஞ்சுல ஒரு பங்கு மீட்டர், அதாவது ஒரு சாண். கண்ணாடியக் கழட்டிட்டா அந்த ஒரு சாணுக்கு அப்பால அவனுக்கு எல்லாமே புகை."

அண்ணன் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். வெளியூருக்கு வேலைக்குப் போனவன் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. அவர்களுடைய அம்மா வாசலைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தாள்.

போன மாதம் அவன் வந்துவிட்டான். தாடியும் கண்ணாடியுமாக வந்து நின்றவன், அம்மாவைச் செல்லப் பெயர் சொல்லி அழைத்தானாம். வீட்டுக் கதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தானாம். அம்மா எழுந்து உட்கார்ந்தாள், சமைக்கவும் ஆரம்பித்தாள். அக்கா கடை முழுக்க இனிப்பு கொடுத்தாள்.

"கண்ணு மட்டும் பெரிசாத் தெரியுது. இளைச்சுட்டான்ல, அதனாலதான்னு அம்மா சொல்றாங்க" என்று சிரித்தாள்.

மைனஸ் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும், பிளஸ்தான் பெரிதாகக் காட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தெருவில் போகிறவர்களின் பவரைக்கூடக் குத்துமதிப்பாகச் சொல்பவள், அண்ணன் கண்ணாடியை நேருக்கு நேர் பார்க்கவேயில்லை. அவள்மேல் கோபம் வந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் அவனே கடைக்கு வந்தான்.

"தங்கச்சி, ஸ்க்ரூ லூசாயிடுச்சு" என்று போட்டிருந்ததைக் கழற்றி நீட்டினான். பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தான். "இது பழசு. ஃபிரேம் நல்லா இருக்கு, கண்ணாடிதான் கீறல். இதே பவரை இதுலயும் போட்டுடு."

"நடுவுல கண்ணுல ஆபரேஷன் ஏதாவது பண்ணினியாண்ணா?" என்று கேட்டாள் அக்கா.

"சேச்சே, கண்ணுல யாரும் கை வெச்சதில்லை. எனக்கு எப்பவும் ஒரே பவர்தான்." டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனான்.

அவனுக்குக் கண்ணாடி என்றால் கண்ணாடி, அதன் பவரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியாது. பழைய ஃபிரேமை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊருக்குக் கிளம்பிய அன்று அண்ணனுக்கு அவளே பொருத்திக் கொடுத்தது. அதன் வழியே ஜன்னல் கம்பியைப் பார்த்து மெல்ல அசைத்தாள், கம்பியும் கூடவே அசைந்தது. பிளஸ் ஐந்து லென்ஸை அதோடு ஒட்டிப் பிடித்து அசைத்தாள். கம்பி அப்படியே நின்றது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டது. மைனஸ் ஐந்து.

பிறகு, ஸ்க்ரூ லூசான கண்ணாடியைச் சுவருக்கு எதிரே நீட்டினாள். அரை மீட்டரில் தண்ணீர்த்தொட்டி விழுந்தது. பிளஸ் இரண்டு.

அந்தப் பிம்பத்தில் திடீரென்று ஒரு கறுப்புப் புகை நுழைந்தது. அக்கா லென்ஸைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பக்கத்தில் இருப்பது தெளிவாக விழ, லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே தூரம் கூட வேண்டும். புகை தெளிந்து, தாடியுள்ள ஒரு குட்டி மனிதன் எங்கள் சுவரில் தலைகீழாகத் தொங்கினான். நாங்கள் இருவரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. அவனும் அசையவில்லை.

"உள்ள வாண்ணா" என்றாள் அக்கா. பழைய கண்ணாடியை எடுத்து அவளே அவனுக்குப் போட்டுவிட்டாள். "எப்படித் தெரியுது?"

"நல்லாத் தெரியுதே" என்றவனின் கை நாற்காலியைத் தேடிக் காற்றைத் துழாவியது.

அக்கா அதை அவன் மூக்கிலிருந்து மெதுவாகக் கழற்றினாள்.

"நீங்க யாரு?"

அக்கா பழைய கண்ணாடியை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது இல்லாம எங்க அண்ணன் வாசப்படி தாண்ட மாட்டான். உங்ககிட்ட எப்பக் கொடுத்தான்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒரே ரூம்ல இருந்தோம். கடைசில அவருக்கு இது தேவைப்படல."

அக்கா அழவில்லை.

"அம்மா சாப்பாடு போட்டுட்டுக் காத்துட்டிருப்பாங்க" என்றான் அவன் சின்னக் குரலில். "நான் போகட்டுமா, வேண்டாமா?"

அவள் ஸ்க்ரூவை இறுக்கினாள். லென்ஸைத் துடைத்தாள். பிளஸ் இரண்டை அவனிடம் நீட்டினாள்.

"ஆறிடப்போகுது. போங்கண்ணா."

அவன் போனபிறகு, மைனஸ் ஐந்தைச் சுவருக்கு எதிரே பிடித்தாள். கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள். ஒன்றும் விழவில்லை. விழாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?