சனி இரவின் மூன்று மணித்தியாலம்

கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குக் குடிவந்த ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு கடமைகள் உண்டு. மாமி ஆக்கிப் போடுவதை மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். மாமா சொல்லுகிற வேலையை, அது வேலை என்று முகத்தில் காட்டாமல் செய்ய வேண்டும். முதலாவதில் நான் கெட்டிக்காரன். இரண்டாவதாக எனக்கு வாய்த்தது, கல்முனையில் மாமாவின் புடவைக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்த மாணவர்களுக்கு, யார் எந்த நேரம் நிற்பது என்று முறை போடுவது.

எண்பதுகளின் தொடக்கம். ஊருக்குக் கிட்ட இருந்த தொழிற் கல்லூரியில் வணிகம் படித்த பெடியன்கள் எங்களிடம் வேலைக்கு வந்தார்கள். கல்லூரி சும்மா விடவில்லை. சட்டம் போட்டுத்தான் விட்டது. ஒரு மாணவன் ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கும் சேர்த்து, பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. சோதினை நடக்கிற கிழமையில் அது ஒன்பதாகக் குறையும். வினாத்தாளுக்கு முதல்நாள் பின்னேரத்திலிருந்து கடைப்பக்கமே தலைவைக்கக் கூடாது. யார் எப்போது வேலை செய்தார்கள் என்று திங்கட்கிழமை தோறும் கடைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டினால் விசாரணை முடியும்வரை மாணவனின் சோதினை அனுமதி அட்டை கல்லூரியிலேயே இருக்கும். விசாரணைக் குழுவோ படிப்புத் தவணைக்கு ஒருமுறைதான் கூடும், அதுவும் சோதினை முடிந்த பிறகு.

எங்களிடம் மூன்று பேர். ஒருவன் மாவடிப்பள்ளியிலிருந்து வயல்வெளியூடாகச் சைக்கிள் உழக்கி வருபவன். மற்றவன் நற்பிட்டிமுனைப் பெடியன். மூன்றாவது என் மனைவியின் தம்பி, அதாவது கடை முதலாளியின் ஒரே மகன். சொந்தக் கடைதானே, அவனுக்கு எதற்கு எல்லை என்று மாமா கேட்டதற்கு, கல்லூரியில் மாணவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ், யாருடைய கடையில் நின்றாலும் கால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டா. அவ மெதடிஸ்த சபைக்காரி, கண்டிப்பானவ, ஆனால் நியாயமானவ. அவவை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு தானாக நிமிரும்.

மச்சானுக்குக் கால் வலித்ததாக நான் ஒருநாளும் கேள்விப்படவில்லை. அவன் அந்தச் சோதினையில் ஏற்கனவே ஒருமுறை கோட்டை விட்டவன். இது இரண்டாவது தடவை; மூன்றாவது கிடையாது. மாமாவின் ஆசையெல்லாம் அவன் ஒரு வங்கியில் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பதுதான். இந்த முறையும் தவறினால் வரிப்பத்தான்சேனையில் இருக்கும் வயலுக்குக் காவலுக்கு அனுப்புவேன் என்று சொல்லி வைத்திருந்தார். மச்சான் வயலுக்கும் பயப்பட்டான், படிப்புக்கும் பயப்பட்டான். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது படுத்துக்கொள்ள இடம் தேடினான்.

மாமாவோ அவன் பெயரை மற்ற இருவரோடும் சமமாக எழுதச் சொன்னார். ஆறு முறை அவர்களுக்கென்றால் ஆறு முறை இவனுக்கும். ஒரு முறை என்பது மூன்று மணித்தியாலம்: பின்னேரம் மூன்று தொடக்கம் ஆறு, அல்லது பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு ஏழு தொடக்கம் பத்து. அவன் வந்தானா என்று நான் பார்த்து எழுதவா என்று ஒருமுறை கேட்டேன். "என்ட மகன் வராம எங்க போவான்? நீங்க எழுதுங்க மருமகன்" என்றார். மாமா சொன்னால் எழுதுவதுதான். மேலே சொன்ன இரண்டாம் கடமை.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளும் சோதினையும் ஒரே கிழமையில் வந்து மோதிக்கொண்டன. கடையில் நிற்க இடமில்லாத சனம். செவ்வாயும் வியாழனும் மூவருக்கும் வினாத்தாள். ஆகவே திங்கள் பின்னேரமும் புதன் பின்னேரமும் அடிபட்டுப் போயின. நற்பிட்டிமுனைக்காரனுக்குச் சனி காலையில் தட்டச்சுச் சோதினையும் இருந்ததால் அவனுக்கு வெள்ளியும் இல்லை. ஒன்பது மணித்தியாலம் என்றால் ஆளுக்கு மூன்றே முறை. நான் இரண்டு நாள் யோசித்து, சோதினைக்கு முந்திய, பெருநாள் வியாபாரம் கொதிக்கிற சனி இரவை மூவருக்கும் போட்டு, அதைச் சோதினைக் கிழமையின் ஒன்பதிலேயே கழித்துவிட்டேன். சட்டத்துக்கு எவ்வளவு அடங்கிய மனிதன் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சனி இரவு எப்படிச் சோதினைக் கிழமையில் சேர்ந்தது என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் எங்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் பொழுது பட்டால் அது வெள்ளி இரவு. யாசீன் ஓதுவதும் அப்படித்தான், பிறை பார்ப்பதும் அப்படித்தான், மாமாவின் கடைக் கணக்கும் அப்படித்தான். கிழமை ஞாயிறில் தொடங்கும் என்று கல்லூரி சொன்னது. ஞாயிறு சனி மஃரிபில் தொடங்கும் என்பதைக் கல்லூரிக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

திங்கள் காலை வழக்கம்போல முடிந்த கிழமையின் விபரத்தைக் கொடுத்தனுப்பினேன். பத்து மணிக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. கடை முதலாளியும் அட்டவணை போடுகிறவரும் உடனே கல்லூரிக்கு வரட்டாம். மாமா தொப்பியைச் சரிசெய்து, குடையை எடுத்துக்கொண்டு, என்ன செய்தீர்கள் என்ற பார்வை ஒன்றை எனக்குத் தந்தபடி நடந்தார்.

கல்லூரி அதிபரின் அறையில் அதிபரும் மிஸ்ஸும் இருந்தார்கள். மச்சான் சுவரோரம் நின்றான். மேசையில் மூன்று அனுமதி அட்டைகள். மறுநாள் முதல் வினாத்தாள்.

விஷயம் இதுதான். மிஸ் சனிக்கிழமை இரவு எங்கள் கடைக்கு வந்து சேலை எடுத்திருக்கிறா. மாவடிப்பள்ளிப் பெடியன்தான் எடுத்துக் காட்டியிருக்கிறான். ஆனால் நான் அனுப்பிய விபரத்தில் சனி இரவு யாருக்கும் வேலை இல்லை. ஒளித்த நேரம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டா.

அது அடுத்த கிழமைக் கணக்கு என்று சொல்லி, சனி இரவுக்கு மூவர் பெயரும் எழுதியிருந்த புது அட்டவணையை நீட்டினேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. நான் விளங்கப்படுத்த வாயெடுக்குமுன் மாமா முந்திக்கொண்டார். எங்களுக்குப் பொழுது பட்டால் நாள் மாறும் என்று சொல்லி, கல்லூரிக் கடிகாரத்தை யார் நடுச்சாமத்தில் எழும்பிப் பார்க்கிறார்கள் என்று அதிபரிடமே விசாரித்தார். அதிபருக்குச் சிரிப்பு வந்தது. மிஸ்ஸுக்கு வரவில்லை.

"மிஸ், யேசு பிறந்த நத்தார் எத்தினையாந் திகதி?" என்றார் மாமா.

"இருபத்தஞ்சு."

"நீங்க கோயிலுக்குப் போற நத்தார் ராவு?"

மிஸ் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டா. இருபத்துநான்கு என்று சொன்னபோது அவவின் வாயோரம் அசைந்தது. மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வழக்கு வென்றாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

ஆனால் மிஸ் சளைக்கவில்லை. உங்கள் நாள் உங்களுக்கு, கல்லூரியின் கிழமை சனி நடுச்சாமத்தில்தான் முடியும், நான் திருப்பிக் கணக்குப் பார்க்கிறேன் என்றா. இந்தச் சனி இரவின் மூன்று மணித்தியாலத்தை முடிந்த கிழமைக்குள் கொண்டுவந்தா. அதே கிழமையில் நான் ஞாயிறு என்று எழுதியிருந்த முந்திய சனி இரவை வெளியே தள்ளினா. மூன்று போய் மூன்று வந்தது. மாவடிப்பள்ளிக்காரனுக்குப் பதினெட்டு, நற்பிட்டிமுனைக்காரனுக்கும் பதினெட்டு. இரண்டு அட்டைகளையும் எடுத்து ஒரு பக்கம் வைத்தா. பிழை ஒரே சீராக இருந்தால் அதுவே ஒரு ஒழுங்கு என்று நான் அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

மச்சானுக்கு அது பொருந்தவில்லை. முந்திய சனி இரவு அவன் உம்மாவோடு கல்யாண வீட்டுக்குப் போனதால் அவனுக்கு முறை போடவில்லை. அவனுடைய ஆறு முறையும் வேறு நாட்களில் இருந்தன. வெளியே தள்ள ஒன்றுமில்லை. உள்ளே வர மூன்று இருந்தது. இருபத்தொன்று.

சட்டம் சட்டம்தான் என்று அதிபர் மெதுவாகச் சொன்னார். அட்டை இங்கேயே இருக்கட்டும், விசாரணைக்குப் பிறகு பார்ப்போம் என்றார். மச்சானின் முகம் வெளிறிப்போனது. அவன் சோதினைக்கு இத்தனை ஆசைப்படுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அட்டவணையில் எழுதியது என் கை. எழுதச் சொன்ன வாயோ என் பக்கத்தில் மூடிக்கொண்டிருந்தது.

மாமா குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் அவர் மகனைப் பற்றிச் சொல்லாத பெருமை இல்லை. படிக்கிறான், கடையையும் பார்க்கிறான், இரண்டு கையிலும் தொழில் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மீன் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"சேர், அண்டைக்கு ராவு இவன் கடைக்கு வரல்ல" என்றார்.

அதிபர் நிமிர்ந்தார். எனக்கும் கடையில் இவனைக் கண்ட ஞாபகம் இல்லை என்று மிஸ் சொன்னா. அப்படியானால் இந்த விபரம் பொய்யா என்று அதிபர் கேட்டார். மாமா என்னைப் பார்க்கவில்லை. மருமகன் எழுதியதெல்லாம் நான் எழுதச் சொன்னது, அவரில் பிழை இல்லை என்றார். அந்த மனுசன் மேல் எனக்கு அப்போது வந்த அன்பைக் கல்யாணப் பந்தலில்கூட நான் உணர்ந்ததில்லை.

ஒரு இரவை மட்டும் திருத்த முடியாது, தவணை முழுவதற்கும் உண்மையான கணக்கு வேண்டும், அதை உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள் என்றா மிஸ். தாளையும் பேனையையும் நகர்த்தி வைத்தா. மாமா நெடுநேரம் யோசித்தார். மகன் வந்த முறைகளை எண்ணி விரல் மடித்தார், விரித்தார். இரண்டாவது கைக்குப் போகத் தேவை வரவில்லை.

"தவணை முழுக்க ஒரு ஆறு மணித்தியாலம் இரிக்கும்."

அதிபர் இருமுவது போலச் செய்தார். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. தோள் மட்டும் குலுங்கியது. மாமா எழுதினார். என் மகன் தவணை முழுக்க ஆறு மணித்தியாலத்துக்கு மேல் கடையில் வேலை செய்யவில்லை என்று, புடவைப் பொதியில் விலாசம் எழுதுகிற அதே பெரிய எழுத்தில். கையெழுத்தும் வைத்தார். மூன்றாவது அட்டையும் மேசையைக் கடந்து வந்தது. இனி என் அட்டவணை கல்லூரிக் கடிகாரத்தின்படி போக வேண்டும் என்றும், உண்மையில் வந்த நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்றும் எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை கிடைத்தது.

வெளியே வெயில் அடித்தது. மூவரும் கடைப்பக்கம் நடந்தோம். மாமா குடையை விரித்துத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். மச்சான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து அதன்மேல் கையை வைத்தபடி பின்னால் வந்தான். கல்லூரி வாசல் படலை தாண்டியதும் அவன் நின்றுவிட்டான்.

"வாப்பா, ஆறு இல்ல. மூணுதான்" என்றான். "மத்த நாள் நான் சோடா குடிக்க வந்த."

மாமா திரும்பி அவனைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் நடுவில் புகுந்தேன். அவர் என்னை விலக்கிவிட்டுக் குடையை மகனின் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"வா மகன், அதையும் சொல்லிப்போட்டு வருவம்" என்று சொல்லி, அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அதிபரின் அறையை நோக்கி நடந்தார்.