முதல் வரியில் தவறிய மைனஸ்

பிள்ளை பிறந்த பிறகு சில ஆண்டுகள் நான் சாக்பீஸைத் தொடவே இல்லை. ஜவ்வாது மலைமேல் இருக்கும் கல்லூரியில் கணிதத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, படவேட்டில் எங்கள் வீட்டில் அது எனக்குக் கிடைக்கும் என்று நம்பியவர் என் கணவர் மட்டும்தான். நேர்காணல் அன்று போளூர் வழியாக பைக்கில் மலையேறினோம். வளைவுக்கு வளைவு, படித்ததை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"இன்னா ஒண்ணுமே பேச மாட்டேன்ற?" என்றார் அவர்.

"பேசுனா படிச்சதெல்லாம் கொட்டிப்போயிடும்போல கீதுங்க. சும்மா வாங்க."

என்னைத் தவிர இன்னும் ஒருவர் வந்திருந்தார். வேலூர்ப் பக்கம். முனைவர் பட்டம் பெற்றவர், தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவர். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றார்கள். முதல்வர் அம்மாவும், வெளியிலிருந்து வந்த கணித வல்லுநர் ஒருவரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தலைப்பைச் சீட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இயற்கணிதத்தில் வரும் குலங்களைப் பற்றி விழுந்து விழுந்து படித்திருந்தேன். என் சீட்டில் இருந்தது காமா தொகையீடு.

முனைவர் முதலில் போனார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் குரல் தங்குதடையில்லாமல் கேட்டது. ஒருமுறைகூட அவர் நிறுத்தவில்லை.

பிறகு என் முறை. பலகையில் எழுதினேன்: xⁿ-ஐ e⁻ˣ-ஆல் பெருக்கி, பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுவது. அதற்கு Iₙ என்று பெயர் வைத்தேன்.

"காரணீயப் பெருக்கம் உங்களுக்குத் தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு n வரைக்கும் பெருக்கறது. இந்தத் தொகையீட்டுக்குள்ள அது ஒளிஞ்சிருக்கு. இப்ப வெளிய கொண்டு வரலாம்" என்றேன்.

n பூஜ்ஜியம் என்றால் xⁿ என்பது ஒன்று. மிஞ்சுவது e⁻ˣ மட்டும். அதன் தொகை ஒன்று. I₀ = 1. அது சரியாக வந்தது.

அடுத்து பகுதித் தொகையிடல். xⁿ-ஐ வகையிட்டால் படி ஒன்று குறையும். e⁻ˣ-ஐத் தொகையிட வேண்டும். வேகமாக எழுதிக்கொண்டே போனேன். இரண்டு எல்லைகளிலும் xⁿe⁻ˣ பூஜ்ஜியம் ஆகிறது: x பெரிதாகப் பெரிதாக, எந்தப் படியைவிடவும் e⁻ˣ வேகமாகச் சுருங்கி அதை விழுங்கிவிடும், x பூஜ்ஜியத்தில் xⁿ-ஏ பூஜ்ஜியம். மிஞ்சியது: Iₙ = −n Iₙ₋₁.

மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "இப்ப n-க்கு ஒண்ணு போடுவோம்" என்று I₁ = −1 என்று எழுதினேன்.

எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. காரணீயப் பெருக்கத்தில் மைனஸ் ஏது? பின்னால் வல்லுநர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அவர் பார்த்துவிட்டார். முதல்வர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். துடைப்பான் மேசைமேல் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே துடைப்பு. மைனஸை மட்டும் அழித்துவிட்டால் கீழே எல்லாம் சரியாக வரும். தப்பு எங்கே என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. மூளை வெறும் புகையாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண், மலைக் கிராமத்துப் பிள்ளை, குனிந்து அந்த மைனஸை நோட்டில் அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். நான் துடைப்பானைத் தொடவில்லை.

"எல்லாரும் பேனாவ வைங்க" என்றேன். "x பூஜ்ஜியத்துக்கு மேல. அப்ப x-ஐ e⁻ˣ-ஆல பெருக்கினா பிளஸ்ஸா, மைனஸா?"

"பிளஸ், மேடம்."

"படம் போட்டா கோடு எங்க இருக்கும்?"

"மேலதான்."

"கோடு முழுக்க மேல இருக்கறப்ப, அதுக்குக் கீழ உள்ள பரப்பு மைனஸ்ல வருமா?"

"வராது, மேடம்."

"அப்ப நான் எழுதினதுல தப்பு இருக்கு. தேடலாம் வாங்க."

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. ஒவ்வொரு வரியாகக் கைவைத்துக்கொண்டே மேலே போனேன். முன்வரிசைப் பெண்தான் எழுந்தாள்.

"மேடம், முதல் வரி. e⁻ˣ-ஐத் தொகையிட்டா −e⁻ˣ தானே வரும்? நீங்க மைனஸ் போடலியே."

அதேதான். எல்லைகளில் எப்படியும் பூஜ்ஜியம் வந்ததால் அந்தப் பிழை அங்கே தலைகாட்டவில்லை. மைனஸைச் சேர்த்தேன். பகுதித் தொகையிடல் சூத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் மைனஸும் இதுவும் சேர்ந்து பிளஸ் ஆயின. Iₙ = n Iₙ₋₁.

"இப்ப சொல்லுங்க" என்றேன்.

I₁ என்றால் ஒன்றை I₀-ஆல் பெருக்குவது: ஒன்று. I₂ என்றால் இரண்டை ஒன்றால்: இரண்டு. I₃ என்றால் மூன்றை இரண்டால்: ஆறு. நான்குக்கு வந்தபோது அவர்களே முந்திக்கொண்டு "இருபத்தி நாலு!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு எண் வெளியே வந்து பெருக்கிக்கொண்டு, கடைசியில் I₀ என்ற ஒன்றில் போய் நிற்கிறது என்று காட்டினேன்.

வல்லுநர் கைதூக்கினார். "n பூஜ்ஜியமா இருந்தா உங்க எல்லைக் கணக்கு சரியா வருமா?"

"வராதுங்க சார். அப்ப x பூஜ்ஜியத்துல xⁿ பூஜ்ஜியமாகாது, ஒண்ணாயிடும். அதனாலதான் I₀-வைத் தனியா மொதல்ல போட்டேன். பூஜ்ஜியத்தோட காரணீயம் ஏன் ஒண்ணுன்னு கேட்டாலும் அதான் பதில்."

"முழு எண்ணுக்குப் பெருக்கல் போதுமே. தொகையீடு எதுக்கு?"

"பெருக்கிக்கிட்டே போறதுல அரைன்னு ஒரு எண்ணை வைக்க எடமில்லைங்க சார். தொகையீட்டுல n-க்கு அரை போட்டாலும் கோட்டுக்குக் கீழ பரப்பு இருக்கு. ஒன்றரைக்கு வேணும்னா, அரைக்கு வர்றதை ஒன்றரையால பெருக்கினா போதும். அரைக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிக்க மட்டும் வேற வழி வேணும்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல்வர் அம்மாதான் பேசினார்.

"இன்டர்வியூல இப்படித் தப்பு பண்ணா எப்படிம்மா? சட்டுனு அழிச்சிட்டுப் போயிருக்கலாமே?"

"போர்டுல அழிச்சிருக்கலாம் மேடம். அதுக்குள்ள பசங்க நோட்டுல எழுதிட்டாங்க."

"சரி, நீங்க போகலாம்" என்றார் முதல்வர் அம்மா.

வெளியே புளியமரத்தடியில் பைக்கோடு நின்றிருந்தார் கணவர். "இன்னா ஆச்சு?" என்றார். "தப்பா எழுதிட்டேங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கொடுத்தார். இறங்கும் வழியெல்லாம், எந்த வரியைத் தப்பாக எழுதினேனோ அந்த வரியையே மனசு திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

வேலை முனைவருக்குத்தான் போனது. அவருக்கே போயிருக்க வேண்டியது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் பாடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் பஸ் அதிகம் இல்லாத மலைக்குத் தினமும் வந்து போக முடியாது என்று அவர் சேராமல் விட்டுவிட்டார். கல்லூரியிலிருந்து முதல்வர் அம்மாவே போன் செய்தார்.

"பட்டியல்ல ரெண்டாவதா உங்க பேரு இருக்கும்மா. எக்ஸ்பர்ட் உங்களுக்கு நல்ல மார்க் போட்டிருக்கார். நான் குறைச்சுதான் போட்டேன், மறைக்க மாட்டேன். திங்கக்கிழமை வர முடியுமா?"

"வர்றேங்க மேடம்" என்றேன். உள்ளே பிள்ளை பசிக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு போடப் போனேன்.