மகளுக்கு எழுதிய பக்கத்தில் ஓர் எழுத்து

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் சில வருடங்கள் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். அப்போதும் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் கையால் எழுதித்தான் எங்களிடம் வரும். தட்டச்சு செய்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. கணவர் சவூதியில் இருந்தார். அக்கா விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார், அவ்வளவு வேகம். வேகமாக அடிப்பவர்களின் கண் எழுத்தில் நிற்காது, சொல்லுக்குத் தாவிவிடும். என் வேலை அதற்கு நேர் எதிர். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நின்று போக வேண்டும்.

ஒருநாள் காலையில் ஓர் இளைஞர் நான்கு பக்க ஜெராக்ஸ் கொண்டுவந்தார். அவருடைய அப்பா பீங்கான் பேட்டையில் சூளை வேலை பார்த்தவர். மகள் கல்யாணம் நிச்சயமானதும், விருந்தில் தானே எழுந்து பேசுவதற்காக இதை எழுதி வைத்திருந்தார். அதன்பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, பேனாவும் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் கல்யாணம். அப்பாவுக்குப் பதிலாக மாமா வாசிக்கப் போகிறார். மாமாவுக்குக் கண் சரியில்லாததால் பெரிய எழுத்தில் அடித்துத் தர வேண்டும் என்றார்.

அக்கா மதியத்துக்குள் அடித்து முடித்துவிட்டார். நான் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘நீ போனாலும் உன் மனம் இந்த வீட்டில் இருக்கும்.’ அடித்ததில் அப்படி இருந்தது. ஜெராக்ஸில் ‘மனம்’ என்பதன் நடு எழுத்து ‘ன’வா ‘ண’வா என்று தெரியவில்லை. நடுவில் மை விட்டுப்போயிருந்தது.

அக்காவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

“மனம்தான். வேற என்ன வரும் அங்க? பொண்ணு போனாலும் மனசு இங்கதான இருக்கும்.”

“மணம்னும் இருக்கலாம் இல்லக்கா?”

“வாசனையா? வாசன எப்படி இருக்கும்? வாசிக்கப் போறவரு வாய்ல ரெண்டும் ஒண்ணாத்தான் வரப்போவுது, வுடு.”

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. பொருத்தமான சொல் எது என்று கேட்டால் நானும் ‘மனம்’ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அப்பா என்ன எழுதினார் என்பது வேறு கேள்வி. அதைப் பொருளை வைத்து முடிவு செய்தால் அவர் வாயில் நாம் ஒரு சொல்லை வைத்ததாகிவிடும். அவரால் மறுக்கவும் முடியாது.

மாலையில் மகன் வந்தபோது, அப்பாவிடமே காட்டிக் கேட்க முடியுமா என்றேன். எதைக் கேட்டாலும் அப்பா தலையாட்டுகிறார், சாப்பிட்டீங்களா என்றாலும் ஆட்டுவார், சாப்பிடலையா என்றாலும் ஆட்டுவார் என்றார். டாக்டர் அதை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தாராம்.

“அப்ப அசல் நோட்டைப் பாக்கணும் தம்பி. ஜெராக்ஸ்ல ஒண்ணும் தெரியல.”

நோட்டை வெளியே கொடுக்க அவருடைய அம்மாவுக்கு மனமில்லை. அதனால் மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தலையாட்டினார். அம்மா நோட்டை எடுத்து வந்து, துடைத்த மேசையில் வைத்தார்.

அந்த வரிக்கு நேராகப் போகவில்லை. முதலில் அப்பாவின் கையெழுத்துப் போக்கைப் படிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ என்று சொல்லித்தருகிறார்கள். வேகமாக எழுதுகிறவர்கள் கையில் சுழிகள் திறந்துபோய் வெறும் மேடுகளாகிவிடும். அவருக்கும் அப்படித்தான். சிலர் ‘ண’வின் நடு மேட்டை விழுங்கிவிடுவார்கள். இவர் விழுங்குகிறவரா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்குச் சந்தேகமில்லாத இடங்களைத் தேடினேன். ‘கொண்டு’, ‘கண்டேன்’ போன்ற சொற்களில் ‘ட’வுக்கு முன்னால் வருவது ‘ண்’ மட்டும்தான். ‘என்று’, ‘நின்றாய்’ என்பவற்றில் ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’ மட்டும்தான். நான்கு பக்கத்திலும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘ண’ வந்த இடங்களில் எல்லாம், எவ்வளவு அவசரத்திலும், ஒரு சிறு மேடு கூடுதலாக இருந்தது. ‘ன’வில் ஓர் இடத்தில்கூட அது இல்லை. விழுங்குகிற கை இல்லை அது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் அவர் வித்தியாசமே வைப்பதில்லை, இரண்டும் ஒரே கோடு. சந்தேகம் அந்த எழுத்தில் வந்திருந்தால் வடிவத்தை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பியிருப்பேன்.

பிறகு அந்த வரி. அசலிலும் மை விட்டுப்போயிருந்தது. ஆனால் எழுதியது பால்பாயிண்ட் பேனா, அழுத்தி எழுதுகிற கை. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். மை இல்லாத இடத்திலும் பேனா போன பள்ளம் நிழலாகத் தெரிந்தது. முதல் சுழி, ஒரு மேடு, மறுபடி ஒரு மேடு, அப்புறம் கடைசிக் கோடு. தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலை ஓட்டினேன். அங்கேயும் இடம் வலமாக மாறி அதே மேடுகள் புடைத்திருந்தன. மகனையும் பார்க்கச் சொன்னேன். ‘கொண்டு’வைக் காட்டினேன், ‘என்று’வைக் காட்டினேன், பிறகு இதைக் காட்டினேன். அவர் தானாக எண்ணிப் பார்த்துவிட்டு, “மூணு சுழிதாங்க்கா” என்றார் என்னிடம்.

அம்மா மேசைப் பக்கம் வந்தார். என்ன வார்த்தை அது என்று கேட்டார். மகன் வரியை முழுதாக வாசித்தார், நாக்கை மடித்து, ‘மணம்’ என்று.

அம்மா நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “பொண்ணுதான் தலைக்கு எண்ண காய்ச்சுவா” என்றார் என்னிடம். “வெட்டிவேர் போட்டு. சூளையில நின்னுட்டு வருவாரு. வாசல்லியே நின்னு, இன்னிக்கி எண்ண காய்ச்சினியாடின்னு கேப்பாரு.”

அதைத்தான் நினைத்து எழுதினாரா, வேறெதையாவதா என்று எனக்குத் தெரியாது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து எதுவென்று தெரிந்துவிட்டது, என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா எழவிடவில்லை.

சென்டருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்த ஓர் எழுத்தை அழித்து மாற்றினார். பிறகு திரையில் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

“மனசு இங்க இருக்கும்னு சொல்லி அனுப்பினா அந்தப் பொண்ணுக்குப் பாரமா இருக்கும்” என்றார். “இது பரவால்ல.”

கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். அக்காவால் வர முடியவில்லை. நான் போனேன். கோயில் மண்டபத்தில் விருந்து. பக்கங்களைக் கொடுத்தபோதே மாமாவிடம் அந்த இடத்தைக் காட்டி, அழுத்திச் சொல்லுங்க என்று கேட்டிருந்தேன். அவர் மைக்கைப் பிடித்து நிதானமாக வாசித்தார். அந்த வரி வந்தபோது ‘உன் மணம்’ என்று தெளிவாகவே சொன்னார். மண்டபத்தில் பலர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மணப்பெண் கவனித்தாள். தலையை நிமிர்த்தி அப்பாவைத் தேடினாள். மாமா வாசித்து முடிப்பதற்குள் மேடையிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி முதல் வரிசைக்கு வந்து, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் குனிந்து தலையைக் காட்டினாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் கொண்டையில் வைத்தார். தலையாட்டவில்லை. கை அங்கேயே இருந்தது.