மருதோண்டி படாத பாதம்

ஏழு மாதம் முடிந்தபோது என் நாடியில், வாய்க்குக் கீழே, மயிர் முளைத்திருந்தது. மேலுதட்டிலும் கறுப்பாக ஒரு கோடு. கர்ப்பத்தில் ஹோர்மோன் கூடுவதால் பலருக்கும் இப்படி வரும், பிள்ளை பிறந்து சில மாதங்களில் குறைந்துவிடும் என்று மிட்வைஃப், என்னைப் பார்க்கும் மகப்பேற்றுத் தாதி, சொல்லியிருந்தா. தெரிந்தும் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் இருந்தால் கையை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொள்வேன். முன்பு லேசரால் மயிர் எடுத்த கிளினிக்கில், கர்ப்பத்தில் அது பாதுகாப்பா என்று போதிய ஆய்வு இல்லை, பிறகு வாங்கோ என்று நிறுத்திவிட்டார்கள்.

லண்டன் சட்டனில் எங்கள் வீட்டில் வளைகாப்பு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவ என் மச்சாள், கணவரின் அக்கா. அதற்கு முதல் நாள் என்னை லூயிஷாமில் அவவுக்குத் தெரிந்த ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனா. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி நடத்தும் கடை, இரண்டு கதிரையும் ஒரு கட்டிலும்.

"முகத்து மயிருக்கு நூல் போடலாம், பயமில்லை," என்றா கடைக்கார அக்கா. "காலுக்கு வக்ஸும் செய்யலாம். ஆனா இப்ப தோல் மெல்லிசு, நோகும். முதல் கொஞ்சத்தில போட்டுப் பாப்பம்."

முகத்துக்கு நூல் போட்டு முடித்து, கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு இடத்தில் வக்ஸ் போட்டுப் பார்த்தா. சிவந்து, பொட்டுப்பொட்டாக இரத்தம் கசிந்தது. இரண்டாவது இழுவையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"விடுவம்," என்றேன். "சீலை மூடும்தானே."

மச்சாள் சிரித்தா. நானும் சிரித்தேன். கனநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஃபேஷலுக்கு என்னை மல்லாக்கப் படுக்க விடவில்லை. முதுகுக்குத் தலையணை அடுக்கி, இடப்பக்கம் சரித்துவிட்டா. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்ற வைக்குமாம். முகத்துக்கு என்ன பூசுகிறேன் என்றும் கேட்டா. ரெட்டினோல் கிரீமைப் பிள்ளை தங்கியவுடனேயே நிறுத்தினேன் என்றேன். அமிலம் பூசி உரிக்கிறதும் கரண்ட் மெஷினும் வேண்டாம் என்று, சாதாரணக் கிரீமை மட்டும் பூசித் தடவிவிட்டா.

மருதோண்டிக்கு வந்தபோது மச்சாள், "நல்ல கறுப்பாப் போடுங்கோ," என்றா.

"கறுப்புக் கோன் நான் வைக்கிறேல்லை. அதில தலைமயிர்ச் சாயம் கலக்கிறவை. கொப்புளம் போடும். இது இலைத்தூள், நானே குழைச்சது. மண்ணிறமாத்தான் வரும்."

உள்ளங்கை இரண்டிலும் போட்டா. குனிய ஏலாததால் காலுக்கு வேண்டாம் என்றேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு மூன்று நாளில் கை கடிக்கத் தொடங்கியது. சொறியச் சொறிய அடங்காத கடி, இருட்டினால் இன்னும் கூடும். மச்சாள் முகம் வாடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டா.

"நான்தான் ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டு போனனான். என்ர பிழை."

"மருதோண்டிதானே, போயிடும்," என்றேன். எண்ணெய் பூசிக்கொண்டு பொறுத்திருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் சொக்ஸ் போடும்போது உள்ளங்கால்களும் அதே மாதிரிக் கடிப்பதைக் கவனித்தேன். அங்கே மருதோண்டியே படவில்லை.

மகப்பேற்றுப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்த மிட்வைஃப் அவசரப்படாமல் கேட்டா. தடிப்பு இருக்கிறதா? இல்லை. கொப்புளம்? இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலுமா? ஓம்.

"மருதோண்டியில் அலர்ஜி என்றால் பூசிய இடத்தில்தான் சிவந்து தடிக்கும்," என்றா. "தடிப்பில்லாத கடிக்கு ஈரலைப் பார்க்க வேணும். இன்றைக்கே வாருங்கள்."

இரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருந்தது. கர்ப்பத்தில் சிலருக்கு ஈரலிலிருந்து பித்தம் சரியாக இறங்காமல் தேங்கும், மிகவும் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, உங்களுக்கு அந்த அளவில்லை என்று டொக்டர் விளக்கினார். வெளியே காத்திருந்த மச்சாளிடம் சொன்னேன்.

"அப்ப மருதோண்டி இல்லையே?"

"இல்லை."

கதிரையில் இருந்தபடி அழுதுவிட்டா. எனக்கு நோய் என்று கேட்டு ஆறுதலில் அழுகிறாவே என்று ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு என் தோளில் அவவின் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அத்தனை நாளும் தன் பிழை என்று அவ எப்படித் தவித்திருப்பா.

திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவு மெல்ல ஏறியதால் குறித்த நாளுக்குச் சற்று முந்தியே வலி வரப்பண்ணினார்கள். மகள் நலமாகப் பிறந்தாள். சில நாட்களில் கடி தானாக அடங்கியது. அவளை முதலில் தூக்கிக்கொள்ள மச்சாளிடம்தான் கொடுக்கச் சொன்னேன். அவ கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கி, பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தா.