சக்கரபாணி சாரின் திருப்புளிப் படம்

என் மருமகள் கஸ்தூரி வேங்கிக்கால் தாண்டி இருக்கிற தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறாள். ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பையன்கள் டோக்கன் நீட்டினால் சுத்தியல் தருவாள், டோக்கனைக் கொக்கியில் மாட்டுவாள். ஃபிட்டர் படிப்பை முழுசாக முடித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று நான் கேட்பதுண்டு. அவளும் அதையே தனக்குள் கேட்டுக்கொள்வாள் போல.

பிரின்சிபால் அருணாதேவி அம்மா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, பட்டறை வாத்தியார் சக்கரபாணி சார் புதுப் பையன்களுக்குப் பேசுவதைக் கையேட்டில் ஒரு பக்கமாக ஆக்கித் தரச் சொன்னார். ஒவ்வொரு கருவிக்கும் படம், பெயர், எதற்கு உதவும், எப்படிப் பத்திரமாகப் பிடிப்பது. சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். பக்கம் சரியாக வந்தால் மீதிப் பக்கங்களும் அவளுக்கே. இல்லாவிட்டால் மறுபடி ஜன்னல்.

கஸ்தூரி கடைசி வரிசையில் நின்று போனில் பேச்சைப் பதிவு செய்தாள், படமும் எடுத்தாள். வீட்டுக்கு வந்து ஓடவிட்டபோது எனக்கும் கேட்டது.

"இத இப்படிப் பிடி. அத இப்படிப் பிடிச்சியோ, போச்சு. ராணிப்பேட்டையில ஒருத்தன் இப்படித்தான்…"

எது இது, எது அது என்று போனுக்குத் தெரியவில்லை. அவள் நின்று நின்று கேட்டு, 'இது' வந்த இடத்திலெல்லாம் கருவியின் பெயரை எழுதினாள். ராணிப்பேட்டைக்காரனை எடுத்துவிட்டாள். சாரின் பேச்சில் பாதி அவன்தான். மிஞ்சியது சின்னச் சின்ன வரிகள். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடாதே. ரம்பத் தகட்டின் பல் முன்பக்கம் பார்க்கட்டும். தலை காளான் மாதிரி விரிந்த உளியைத் தேய்த்துச் சரிசெய்யாமல் அடிக்காதே. திருப்புளிக்கு வந்தபோது, பொருளை உள்ளங்கையில் வைத்துத் திருகாதே, மேஜையில் பொருத்திய இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிக்கொள் என்று எழுதினாள். அந்த வரிக்குப் பக்கத்தில், எடுத்ததிலேயே தெளிவான படத்தைப் போட்டாள். அதில் சார் மீசையோடு நன்றாகவே இருந்தார்.

தாளை வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். என் மகன் திருமலை, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேன் ஓட்டுகிறவன், தாளைப் பார்த்தான். கழன்றிருந்த பிளக் பெட்டியைக் கையில் எடுத்தான், திருப்புளியால் திருகினான், கத்தினான். கஸ்தூரி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். உள்ளங்கையில் ரத்தம்.

"யாருங்க உள்ளங்கையில வெச்சித் திருகச் சொன்னது?"

"உங்க சாருதான். பாரு, எப்படிப் பிடிச்சிருக்காரு."

"பக்கத்துலயே கூடாதுன்னு எழுதியிருக்குதே!"

"படம் போட்டுட்டு எவன்டி படிப்பான்?"

அவன் மேல் தப்பே இல்லை. இதை யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன்.

கஸ்தூரி போனைத் திரும்ப ஓடவிட்டாள். எப்படிப் பிடிக்கக் கூடாது என்று சார் காட்டியபோது எடுத்த படம் அது. வாய் வேண்டாம் என்று சொன்னது, கை செய்து காட்டியது. படத்தில் கை செய்தது மட்டும்தான் வந்திருந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட திருமலையையும் கூட்டிக்கொண்டு போனாள். சார் கட்டைப் பார்த்தார்.

"நான்தான் அப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேனேம்மா?"

"காதுக்குச் சொன்னீங்க சார். படத்துக்குக் காது இல்ல. வேற படம் போடணும்."

"அந்தப் படம் நல்லா வந்திருக்குதும்மா."

"நல்லாத்தான் வந்திருக்குது சார். குத்திடுச்சே."

அதிலேயே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் போதாதா என்று கேட்டார். கஸ்தூரி போட்டுக் காட்டினாள். குறி நெற்றியில் ஆரம்பித்து மீசையைத் தாண்டிப் போனது. சார் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கை மட்டும் இருக்கட்டும் என்றார். அதை வெட்டிக் குறியோடு ஒரு பக்கம் வைத்தாள். சரியானதுக்கு வைஸ் பக்கம் போய் நின்றார்கள். சார் ஒரு பிளக் பெட்டியை அதில் இறுக்கிவிட்டுத் திருப்புளியைப் பிடித்தார். கஸ்தூரி போனைத் தூக்கினாள், இறக்கினாள்.

"சார், மோதிரம்."

"இருந்தா என்னா? அது இருந்தாத்தானே என் கைன்னு தெரியும்?"

"பட்டறையில மோதிரம் கூடாதுன்னு முதல் வரியே நீங்க சொன்னதுதான் சார்."

திருமலை இந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டான். சார் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு வெகுநேரம் இழுத்தார். கல்யாணத்தன்று போட்டதாம். வந்தது.

படம் எடுத்தார்கள். சார் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபால் அம்மா தாளைப் பார்த்துவிட்டு, அடுத்தது துளையிடும் மிஷின் என்றார். ஜன்னலில் இப்போது வேறு ஒரு பெண் உட்காருகிறாள்.

அச்சான பக்கத்தை எனக்கும் காட்டினாள். வைஸ் பக்கத்தில் இருக்கிற கையில், விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. அது யார் கை என்று ஒரு பையனும் கேட்பதில்லையாம். சாரே சொல்லிவிடுகிறாராம்.