பெரிய நாசிலின் ஒரு பல்

கேக் கடையின் பின்னறையில் அம்மா பதினாறு வருடம் கிரீம் பூ போட்டாள். கிரீம் பையைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டாள். பையின் வாயை முறுக்கி வலது உள்ளங்கையில் அடக்கி, இடது கை விரலால் நுனியைத் தாங்குவாள். அந்தக் கடையில்தான் என் சித்தியையும் சேர்த்துவிட்டாள். பையின் நுனியில் மாட்டும் நாசில்களைக் கழுவி அடுக்குவது சித்தியின் வேலை. பூ போடவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அம்மா பெரிய நாசிலில் போடும் ரோஜாக்கள் கெட்டன. நடுவில் தொடங்கி வெளியே சுற்றி வரும் வரிகளில் ஒன்று மட்டும் வெட்டுப்பட்டது. அதே நாசிலில் போடும் சிப்பி வடிவங்களிலும் அப்படியே.

"அக்கா, உனக்குக் கை நடுங்குது. நான் நாலு நாளா பாக்கிறேன்" என்றாள் சித்தி.

டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். முதலாளியிடமும் அவளே சொல்லியிருக்கிறாள். மறுவாரம் அம்மா பெட்டி கட்டும் மேசைக்குப் போனாள், சித்தி பூ மேசைக்கு. வீட்டில் அம்மா தண்ணீர் நிறைந்த டம்ளரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனாலும் தங்கையைத்தான் நம்பினாள்.

ஒரு நாள் சித்தி வர நேரமாகிவிட, முதலாளி அவசரத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டார். ஓரத்துக்குச் சின்ன நாசிலில் நட்சத்திரம். பையை நேராக நிறுத்தி அழுத்தினாள், அழுத்தத்தை விட்டாள், பிறகு தூக்கினாள். நாற்பதும் ஒரே அளவு. பெரிய நாசிலுக்கு மாற்றிச் சிப்பி போட்டாள். சாய்த்துப் பிடித்து, உப்பவிட்டு, தளர்த்தி வாலை இழுத்தாள். அடுத்தது அந்த வாலை மூடியது. எல்லாச் சிப்பியிலும் அதே இடத்தில் அதே வெட்டு.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கை நடுங்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணும். இப்படி அச்சடித்தது போல் வராது. நாசிலைக் கழற்றி விளக்கருகே பிடித்தாள். நுனியைச் சுற்றியுள்ள பற்களில் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. அதன் இரு பக்கமும் குறட்டின் கீறல். சித்தி தன் நாசில்களை வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். தனியாக, துணியில் சுற்றி, அதே அளவில் நல்ல நாசில் ஒன்று இருந்தது.

சித்தி உள்ளே வந்தபோது இரண்டும் மேசையில் கிடந்தன.

"இது என்னடி?"

"கீழ விழுந்திருக்கும்."

"விழுந்தா நசுங்கும். குறடு கடிச்ச தடம் விழாது."

"எவ்வளவு நாளைக்குத்தான்க்கா உன் நாசில எச்சில் பாத்திரம் மாதிரி நான் கழுவிட்டிருக்கிறது?"

அம்மா திட்டுவாள் என்று பின்னறையில் இருந்த எல்லோரும் காத்திருந்தார்கள். "மாத்திரை போட்டுட்டுத் தலைசுத்தி ரெண்டு தடவை விழுந்தேன். நீதான் என்னைத் தூக்கி உட்கார வச்சே" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி அம்மாவைப் பழைய மேசைக்கு மாற்றினார். மாத்திரையை நான் குப்பையில் போட்டேன். ஆனால் இப்போதும் ஒவ்வொரு ரோஜாவுக்குப் பிறகும் அம்மா கையை விரித்துப் பார்க்கிறாள்.